262 + 12 = 274: ஓர் இன்னிங்ஸைக் கூட்டிப் பார்ப்பது எப்படி?

2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே மைதானம். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இலங்கை 50 ஓவரில் 6 விக்கெட்டுக்கு 274 ரன் எடுத்தது. இந்தியா 48.2 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 277 எடுத்துக் கோப்பையை வென்றது. தோனி அடித்த கடைசி சிக்ஸரை நம்மில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டே வர்ணிப்போம். ஆனால் அந்த 274-ம் 277-ம் எப்படி வந்தன என்று ஒருமுறை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு. கூட்டினால் ஒரு வேடிக்கை வெளிப்படும். அதற்கு முன் கூட்டும் முறையைப் பார்த்துவிடலாம்.

ஸ்கோர்போர்டில் தெரியும் மொத்தம் பந்துக்குப் பந்து ஏறிக்கொண்டே வரும் எண். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் அட்டையில் இருப்பது வேறு வகை எண்கள்: யார் எவ்வளவு அடித்தார், உதிரி எவ்வளவு, எந்தப் பந்துவீச்சாளர் எவ்வளவு கொடுத்தார். அட்டையிலிருந்து கூட்டினால் போர்டில் உள்ள அதே எண் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பந்து தப்பாக எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் பேட்ஸ்மேன்கள். இலங்கை தரப்பில் எட்டுப் பேர் களம் இறங்கினார்கள். தரங்கா 2, டில்ஷான் 33, சங்ககாரா 48, ஜெயவர்த்தனே 103, சமரவீரா 21, கபுகெதரா 1, குலசேகரா 32, திசாரா பெரேரா 22. வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் 2, 35, 83, 186, 207, 208, 240, 262.

புதிதாகக் கூட்டுபவர்கள் இங்கே வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் இரண்டு. அவுட் ஆனவர்களை மட்டும் கூட்டிவிட்டு, கடைசிவரை நின்ற இருவரை விட்டுவிடுவது ஒன்று. இந்த ஆட்டத்தில் ஜெயவர்த்தனேவும் பெரேராவும் நாட் அவுட். அவர்களை விட்டால் 125 ரன் காணாமல் போகும். இன்னொன்று ரன் அவுட். குலசேகரா ரன் அவுட் ஆனார். ரன் அவுட் ஆன அந்தப் பந்தில் முழுமையாக ஓடி முடிக்காத ரன்தான் சேராதே தவிர, அதற்கு முன் அவர் எடுத்த 32-ம் அப்படியே அவர் கணக்கில் நிற்கும்.

பேட்டால் வந்தது 262. போர்டில் 274. மீதி 12 எங்கிருந்து வந்தது?

அதுதான் உதிரி. அட்டையில் பேட்ஸ்மேன்கள் பட்டியலுக்குக் கீழே, `Extras 12 (b 1, lb 3, w 6, nb 2)` என்று ஒரு வரி இருக்கும். `b` என்றால் பை, `lb` லெக் பை, `w` வைடு, `nb` நோ-பால். 1 + 3 + 6 + 2 = 12. இந்த 12-ஐ 262-உடன் சேர்த்தால் 274. போர்டும் அட்டையும் ஒத்துப்போகின்றன.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் உதிரியின் நான்கு வகைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது தெரிந்தால்தான், கணக்கு உதைக்கும்போது எங்கே தேடுவது என்று புரியும்.

பை என்பது பந்து பேட்டிலும் படாமல், உடம்பிலும் படாமல் விக்கெட் கீப்பரையும் தாண்டிப் போக, அந்த இடைவெளியில் ஓடி எடுக்கும் ரன். லெக் பை என்றால் பந்து பேட்டில் படாமல் உடம்பில் பட்டுத் திரும்ப, அதில் ஓடுவது. இரண்டிலும் பந்துவீச்சாளர் மேல் தப்பில்லை. அதனால் அவர் கணக்கில் இவை ஏறாது.

வைடும் நோ-பாலும் அப்படியல்ல. பேட்ஸ்மேனுக்கு எட்டாத தூரத்தில் போட்டதும், கோட்டைத் தாண்டிக் காலை வைத்ததும் பந்துவீச்சாளர் செய்த காரியம். எனவே அந்த ரன் உதிரியிலும் சேரும், அவர் கொடுத்த ரன்னிலும் சேரும். வைடு பந்து கீப்பரையும் ஏமாற்றி எல்லைக்கோட்டுக்குப் போய்விட்டால், ஒரு வைடு, நான்கு பை என்று பிரித்து எழுதக் கூடாது, ஐந்தும் வைடுதான். நோ-பாலில் பேட்ஸ்மேன் நான்கு அடித்தால் அவருக்கு 4, உதிரியில் 1. ஆக மொத்தம் ஐந்து ரன். நோ-பாலில் பேட்டில் படாமல் ஓடி எடுத்த ரன்னை முன்பு நோ-பால் கணக்கிலேயே எழுதுவார்கள். 2017-இல் விதி மாறியது. இப்போது ஒன்று மட்டும் நோ-பால், ஓடியது பை அல்லது லெக் பை. பழைய அட்டைகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஐந்தாவதாக ஒரு வகையும் உண்டு, பெனால்டி ரன். கீப்பருக்குப் பின்னால் தரையில் வைத்திருக்கும் ஹெல்மெட்டில் பந்து பட்டால் பேட்டிங் அணிக்கு ஐந்து ரன். அதை யார் பேரிலும் எழுதுவதில்லை, உதிரியில் `pen` என்று தனியாக வரும். அபூர்வம் என்பதால் இதை எழுத மறப்பவர்கள் அதிகம்.

சரி, இப்போது இரண்டாவது வழிக்கு வருவோம். பேட்ஸ்மேன் பக்கத்தை மறந்துவிட்டு, பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்னை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜாகீர் கான் 60, ஸ்ரீசாந்த் 52, முனாஃப் படேல் 41, ஹர்பஜன் 50, யுவராஜ் 49, டெண்டுல்கர் 12, கோலி 6. கூட்டினால் 270.

போர்டில் 274. நான்கு குறைகிறது. காரணம் தெரிந்ததுதான்: பை 1, லெக் பை 3. இவை பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாதவை. 270 + 1 + 3 = 274. வைடும் நோ-பாலும் ஏற்கெனவே 270-க்குள் இருப்பதால் அவற்றைத் திரும்பச் சேர்க்கக் கூடாது. இந்த வழியில் தவறுபவர்கள் பெரும்பாலும் முழு உதிரியையும் சேர்த்து 282 என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

ஆக ஒரே மொத்தத்துக்கு இரண்டு பாதைகள். பேட்ஸ்மேன் ரன்னோடு எல்லா உதிரியும் சேர்ப்பது ஒன்று. பந்துவீச்சாளர் ரன்னோடு பை, லெக் பை, பெனால்டி மட்டும் சேர்ப்பது இன்னொன்று. இரண்டும் போர்டில் உள்ள எண்ணில் வந்து சேரவேண்டும்.

இதே முறையில் இந்தியாவின் இன்னிங்ஸையும் கூட்டிப் பார்க்கலாம். சேவாக் 0, டெண்டுல்கர் 18, கம்பீர் 97, கோலி 35, தோனி 91, யுவராஜ் 21. மொத்தம் 262.

ஆமாம், அதே 262. இறுதி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் பேட்டால் எடுத்த ரன் ஒன்றேதான்.

பந்துவீச்சுப் பக்கம்: மலிங்கா 42, குலசேகரா 64, பெரேரா 55, ரந்தீவ் 43, டில்ஷான் 27, முரளிதரன் 39. மொத்தம் 270. இதுவும் அதே எண்தான்!

பேட்டால் வந்த ரன்னும் சமம், பந்துவீச்சாளர்கள் கொடுத்ததும் சமம் என்றால், வைடும் நோ-பாலும் சேர்ந்த தொகையும் சமமாகத்தான் இருக்கவேண்டும். இலங்கைக்கு வைடு 6, நோ-பால் 2, சேர்த்து எட்டு. இந்தியாவுக்கு வைடு 8, நோ-பால் இல்லை, அதுவும் எட்டு. பை ஆளுக்கு ஒன்று. அப்படியானால் 274-க்கும் 277-க்கும் நடுவே உள்ள மூன்று ரன் எங்கே ஒளிந்திருக்கிறது? லெக் பையில். இலங்கைக்கு 3, இந்தியாவுக்கு 6. இந்திய உதிரி மொத்தம் 15, 262 + 15 = 277. இன்னொரு பாதையில் 270 + 1 + 6 = 277.

இதை வைத்து, கோப்பையை லெக் பைதான் வாங்கிக்கொடுத்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இந்தியா இலக்கைத் தொட்டதும் ஆட்டம் முடிந்துவிட்டது. அப்போது கையில் பத்துப் பந்தும் ஆறு விக்கெட்டும் மிச்சம் இருந்தன. இரண்டாவதாக ஆடும் அணியின் மொத்தம் அதன் முழுத் திறமையின் அளவல்ல, நிறுத்தப்பட்ட இடம் மட்டுமே. ஆனாலும் இவ்வளவு பேர் பார்த்த ஓர் ஆட்டத்தின் அட்டையில் இப்படி ஒரு சமன்பாடு கிடப்பது, கூட்டிப் பார்த்தால்தான் கண்ணில் படுகிறது.

ரன்னைப் போலவே பந்தையும் கூட்டிச் சரிபார்க்கலாம். எனக்கு ரன் கூட்டலைவிட இதுதான் பிடிக்கும். இலங்கை பேட்ஸ்மேன்கள் சந்தித்த பந்துகள் வரிசைப்படி 20, 49, 67, 88, 34, 5, 30, 9. கூட்டினால் 302. ஐம்பது ஓவருக்கு 300 பந்துதானே, இரண்டு கூடுதலாக எப்படி வந்தது? நோ-பால் ஓவரின் ஆறு பந்தில் எண்ணப்படுவதில்லை, ஆனால் பேட்ஸ்மேன் சந்தித்த பந்தாக எண்ணப்படும். வைடு இரண்டிலும் எண்ணப்படாது. எனவே 300-க்கு மேல் உள்ள இரண்டும் இரண்டு நோ-பால்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியவருகிறது. அட்டையில் `nb 2` என்று மட்டும் இருக்கிறது. அந்தக் கால விதிப்படி, ஒரே நோ-பாலில் பேட்டில் படாமல் ஓர் ஓட்டம் ஓடியிருந்தாலும் `nb 2` என்றுதான் எழுதியிருப்பார்கள். அப்படி நடந்திருந்தால் பந்துக் கூட்டல் 301-தான் வந்திருக்கும். 302 வருவதால், இரண்டு தனித்தனி நோ-பால்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரன் என்பது உறுதி. இந்தியத் தரப்பில் 2, 14, 122, 49, 79, 24 எனக் கூட்டினால் 290. 48.2 ஓவர் என்பது 48 × 6 + 2, அதாவது 290 பந்து. நோ-பால் இல்லாததால் கொஞ்சமும் பிசகவில்லை. ஓவரில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 2 தசமம் அல்ல, பந்து என்பதைக் கவனியுங்கள். 48.2-ஐ அப்படியே ஆறால் பெருக்கினால் 289.2 வரும். ஒரு பந்தின் ஐந்தில் ஒரு பங்கை யாரும் வீசுவதில்லை.

வைடு விஷயத்தில் அட்டை இவ்வளவு சொல்லாது. `w 6` என்பது ஆறு வைடு பந்தாகவும் இருக்கலாம், ஒரு சாதா வைடும் எல்லைக்குப் போன ஐந்து ரன் வைடும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். பந்துக்குப் பந்து எழுதிய தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

சர்வதேச ஆட்டத்தின் அட்டை நம் கைக்கு வரும்போது இந்தச் சரிபார்ப்பெல்லாம் முடிந்திருக்கும். நீங்களே நோட்டு வைத்து ஸ்கோர் எழுதும் உள்ளூர் ஆட்டத்தில்தான் கணக்கு உதைக்கும். ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். இருபது ஓவர் ஆட்டம், போர்டில் 148. பேட்ஸ்மேன்கள் கூட்டல் 131. உதிரி 12: பை 3, லெக் பை 2, வைடு 6, நோ-பால் 1. சேர்த்தால் 143. ஐந்து குறைகிறது.

உடனே முதல் ஓவரிலிருந்து புரட்ட ஆரம்பிக்காதீர்கள். முதலில் இரண்டாவது பாதையில் போய்ப் பாருங்கள். பந்துவீச்சாளர்கள் கொடுத்தது 143 என்று வைத்துக்கொள்வோம். பையும் லெக் பையும் ஐந்து. 143 + 5 = 148. போர்டும் பந்துவீச்சுப் பக்கமும் ஒத்துப்போகின்றன. எனவே போர்டில் தப்பில்லை, பந்துவீச்சுக் கட்டங்களிலும் தப்பில்லை. பிழை பேட்ஸ்மேன் வரிகளிலோ உதிரி வரியிலோதான்.

அடுத்து, வித்தியாசத்தின் அளவைக் கவனிக்கவேண்டும். ஐந்து என்பது கிரிக்கெட்டில் அடிக்கடி வரும் எண் அல்ல. பேட்ஸ்மேன் ஒரே பந்தில் ஐந்து எடுப்பது அரிது. பெனால்டியாக இருந்தால் பந்துவீச்சுப் பாதை இப்படிப் பொருந்தியிருக்காது. மிச்சம் இருப்பது எல்லைக்குப் போன வைடு. ஸ்கோர் தாளில் வைடுக்குக் கூட்டல் குறி போடுவார்கள்; கூடுதலாக வந்த ஒவ்வொரு ரன்னுக்கும் அந்தக் குறியின் மூலைகளில் ஒரு புள்ளி. நோ-பாலுக்கு வட்டம், பைக்கு முக்கோணம், லெக் பைக்குத் தலைகீழ் முக்கோணம். ஆகவே பந்துவீச்சுக் கட்டங்களில் நான்கு மூலையிலும் புள்ளி வைத்த கூட்டல் குறியைத் தேடினால் போதும். அந்த ஐந்தைப் பந்துவீச்சாளருக்கு எழுதியவர், உதிரி வரியில் வைடுக்கு நேரே எழுத மறந்திருக்கிறார். வைடு 6 அல்ல, 11. உதிரி 17. 131 + 17 = 148.

ஒன்று குறைந்தால் ஒரு சிங்கிளோ வைடோ விடுபட்டிருக்கும். நான்கு குறைந்தால் ஒரு பவுண்டரி. இப்படி எண்ணே துப்புக் கொடுக்கும். சிறு வித்தியாசங்களுக்குத்தான் இது செல்லும். முப்பது ரன் இடித்தால் கூட்டலிலேயே தவறு இருக்கும், அல்லது ஒரு பேட்ஸ்மேனையே விட்டிருப்பீர்கள்.

தப்பு எந்த ஓவர்களுக்குள் இருக்கிறது என்று குறுக்குவதற்கு விக்கெட் விழுந்தபோது எழுதிய எண்கள் உதவும். 2011 இறுதியில் இலங்கையின் விக்கெட்டுகள் 17, 60, 122, 179, 182, 248 என்ற ஸ்கோர்களில் விழுந்தன. ஒவ்வொரு விக்கெட்டின்போதும் களத்தில் நிற்பவரின் ரன்னையும் அருகில் குறித்துவைத்தால், அந்த இடத்திலேயே ஒரு சிறு கூட்டல் போட்டுப் பார்க்கலாம். அதுவரை அவுட் ஆனவர்கள் ரன், நிற்பவர் ரன், அதுவரையிலான உதிரி, மூன்றும் சேர்ந்து அந்த எண் வரவேண்டும். மூன்றாவது விக்கெட்டில் சரியாக இருந்து நான்காவதில் இடித்தால், நடுவில் உள்ள ஓவர்களை மட்டும் புரட்டினால் போதும்.

இரண்டு பாதைகளிலும் போகவேண்டும் என்று சொல்வதற்கு வலுவான காரணம் லெக் பை. பந்து காலில் பட்டு எல்லைக்கு ஓடுகிறது. நடுவர் ஒரு முழங்காலை உயர்த்தித் தொட்டுக் காட்டுகிறார், பிறகு நான்குக்குக் கையை வீசுகிறார். எழுதுபவர் கையை மட்டும் பார்த்து, பேட்ஸ்மேன் பேரில் நான்கு போட்டுவிடுகிறார். பேட்ஸ்மேனுக்கு நான்கு கூடியது, உதிரியில் நான்கு குறைந்தது. முதல் பாதையில் மொத்தம் கச்சிதமாக வரும், எந்தச் சந்தேகமும் எழாது. பந்துவீச்சுத் தாளை வேறொருவர் சரியாக எழுதியிருந்தால், அந்தப் பாதையில் நான்கு ரன் குறையும். பிழை அங்கேதான் பிடிபடும். ஆட்டத்துக்கு இரண்டு ஸ்கோரர்கள் வேண்டும், அவர்கள் அடிக்கடி தங்கள் கணக்கை ஒப்பிட்டுக்கொள்ளவேண்டும் என்று கிரிக்கெட் விதியே சொல்வது இதற்காகத்தான். ஒருவரே இரண்டு தாளையும் எழுதினால், ஒரே தப்பை இரண்டிலும் எழுதுவார். இரண்டு கூட்டலும் அழகாகப் பொருந்தும்.

எந்தக் கூட்டலாலும் பிடிக்க முடியாத தப்பும் ஒன்று உண்டு. ஒற்றை ரன் ஓடி இருவரும் முனை மாறியதைக் கவனிக்காமல், ஒருவர் அடித்த நான்கை மற்றவர் பேரில் எழுதிவிட்டால், பேட்ஸ்மேன் கூட்டல், உதிரி, பந்துவீச்சு, போர்டு எல்லாமே ஒத்துப்போகும். 49-இல் அவுட் ஆனவர் வந்து சண்டை பிடிக்கும்போதுதான் தெரியும். இதற்கு ஒரே வழி ஓவருக்கு ஓவர் இருவர் ரன்னையும் மற்ற ஸ்கோரரோடு வாய்விட்டுச் சொல்லி ஒப்பிடுவது.

கடைசியாக, வெற்றி ரன் விழும் பந்து. அங்கே கூட்டலுக்குத் தனி விதி இருக்கிறது. வான்கடேயில் அந்த சிக்ஸருக்கு முன் இந்தியா 271, தேவைப்பட்டது நான்கு. தோனி சிக்ஸர் அடித்தார். 275-இல் நிறுத்தாமல் 277 எழுதினார்கள், தோனிக்கும் ஆறு ரன் முழுசாகச் சேர்ந்தது. தேவையான ரன்னை ஓடி முடிக்கும் முன் பந்து எல்லையைக் கடந்தால், பவுண்டரி முழுவதும் கணக்கில் வரும்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2010 ஆகஸ்ட் 16 அன்று தம்புள்ளையில் வேறு கதை. இலங்கை எடுத்தது 170. இந்தியாவும் 170-ஐத் தொட்டுவிட்டது, ஒரு ரன் போதும். சேவாக் 99-இல் நிற்கிறார். பந்து வீசியவர் ரந்தீவ், மேலே 43 ரன் கொடுத்ததாகப் பார்த்த அதே சுழற்பந்து வீச்சாளர். அவர் காலைக் கோட்டுக்கு வெகு முன்னால் வைத்தார். சேவாக் அதைத் தூக்கி சிக்ஸருக்கு அடித்தார். நோ-பால் ரன் அந்தப் பந்து வீசப்பட்டதுமே சேர்ந்துவிடுகிறது. 171 ஆனதும் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பின் பந்து எங்கே போனாலும் அது கணக்கில் இல்லை. அட்டையில் உதிரி வரியில் ஒரு நோ-பால் கூடியது, போர்டில் 171, சேவாக் 99 நாட் அவுட். அந்த ஆறைச் சேர்த்து 177 என்று கூட்டுபவருக்கு அந்த அட்டை என்றைக்கும் பொருந்தாது.